கீமோ நாளில் துணைக்கு வருவோருக்கு: 21 நாள் கணக்கைப் பற்றி ஒரு திறந்த மடல்

அன்புக்குரியவர்களே,

அம்மாவையோ மனைவியையோ அக்காவையோ அழைத்துக்கொண்டு கீமோ டே கேர் வார்டுக்கு வருகிறவர்கள் நீங்கள். அதே வார்டில் ஊசி போடும் செவிலியர்களில் ஒருத்தி நான். நோயாளிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. லேப் ரிப்போர்ட்டைக் கையில் வாங்குகிறவர்கள் நீங்கள்தான். நடு இரவில் காய்ச்சல் வந்தால் போவதா, விடியட்டும் என்று இருப்பதா என முடிவு செய்வதும் நீங்கள்தான். "இன்னிக்குக் கீமோ போட முடியாது, கவுன்ட் பத்தலை, அடுத்த வாரம் வாங்க" என்று நாங்கள் சொல்லும்போது முகம் வாடுவதும், சில நேரம் கோபப்படுவதும் நீங்கள்தான். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. விடுப்பு எடுத்து, பஸ் பிடித்து, வெறும் டீயைக் குடித்துவிட்டு ஆறு மணிக்கே வந்து காத்திருந்தவர்களிடம் ஒரு எண்ணைக் காட்டித் திருப்பி அனுப்பினால் யாருக்குத்தான் வராது?

உங்களிடமிருந்து இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று: "நோய் உள்ளே இருக்கும்போது மூணு வாரம் சும்மா விடலாமா சிஸ்டர், அதுக்குள்ள வளர்ந்துடாதா?" இன்னொன்று இதற்கு நேர் எதிர்: "ரொம்பத் துவண்டுட்டாங்க. ஒரு மாசம், ஒன்றரை மாசம் விட்டு, உடம்பு தேறினதும் போட்டா என்ன?" இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில், அது வைத்திருக்கும் கால அட்டவணையில்.

கீமோவில் எத்தனையோ வகை. எல்லாவற்றையும் பேசினால் எதுவும் மனதில் நிற்காது. எங்கள் நாற்காலிகளில் அதிகம் பேர் வாங்கிக்கொள்ளும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மார்பகப் புற்றுக்கு டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் சேர்த்து, 21 நாளுக்கு ஒரு முறை என நான்கு முறை கொடுப்பது. நீங்கள் "சிவப்பு மருந்து" என்று சொல்வீர்களே, அதுதான் டாக்ஸோரூபிசின். வழக்கமான அளவு, உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம். சைக்ளோபாஸ்பமைடு 600 மில்லிகிராம். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிட்டதில் 1.5 சதுர மீட்டர் வரும் ஒரு பெண்ணுக்கு, 90 மில்லிகிராமும் 900 மில்லிகிராமும். இந்தப் பெண்ணை மடல் முழுவதும் உடன் வைத்துக்கொள்வோம்.

மருந்து ஏறிய அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய்விடுகிறார். ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போகும். சில நாட்களில் மருந்தின் பெரும்பகுதி உடம்பை விட்டு வெளியேறிவிடும். அன்றோ மறுநாளோ ரத்தத்தைச் சோதித்தால் வெள்ளை அணுக்கள் பெரிதாகக் குறைந்திருக்காது. வாந்திக்காகக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையால் கூடியிருக்கவும் வாய்ப்பு உண்டு. இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். மருந்து ரத்தத்தில் இருக்கும்போது எண்ணிக்கை நன்றாக இருக்கிறது. மருந்து போய், வாந்தி நின்று, அவர் எழுந்து சமையலறைக்குப் போகத் தொடங்கும் 10ஆம் நாள் வாக்கில் எண்ணிக்கை அடிமட்டத்துக்கு விழுகிறது. முகத்தில் தெளிவு தெரியும் வாரம்தான் அவருக்கு ஆபத்தான வாரம்.

ஏன் இப்படி? இந்த மருந்துகள் முக்கியமாகத் தாக்குவது பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் அணுக்களை. முதிர்ந்து வேலைக்கு வந்துவிட்ட வெள்ளை அணு பிரிவதில்லை. அதனால் அது தப்பிவிடுகிறது. கிருமியோடு முதலில் மோதுகிற வெள்ளை அணு நியூட்ரோஃபில். ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை மஜ்ஜை செய்து அனுப்புகிறது. ரத்தத்தில் அவை ஓடுவதோ ஒரு நாளுக்குள். அந்த அளவுக்கு அற்ப ஆயுள். ஆனால் மஜ்ஜைக்குள் ஒரு நியூட்ரோஃபில் உருவாகி வெளிவர பத்து நாள், இரண்டு வாரம் ஆகிறது. அதில் முதல் பாதி பிரிந்து பெருகும் காலம். இரண்டாம் பாதி முதிர்ந்து, கிடங்கில் காத்திருக்கும் காலம். கீமோ ஏறிய அன்று அழிவது முதல் பாதியில் இருப்பவை. கிடங்கில் இருப்பவை தப்பி, அடுத்த ஒரு வாரம் வழக்கம்போல வெளியே வந்துகொண்டிருக்கின்றன. கிடங்கு காலியானதும்தான் குறை வெளியே தெரிகிறது. அதாவது 10ஆம் நாள் ரத்தத்தில் நாம் பார்க்கும் பள்ளம், முதல் நாள் மஜ்ஜையில் விழுந்த பள்ளம்.

அப்படியானால் மீண்டு வருவது எதை வைத்து? மஜ்ஜையில் ஸ்டெம் செல் எனப்படும் தாய் அணுக்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை எந்நேரமும் பிரிந்துகொண்டிருப்பதில்லை, ஓய்வில் இருக்கின்றன. சைக்ளோபாஸ்பமைடை முறிக்கும் ஒரு நொதியும் அவற்றில் நிறைய இருக்கிறது. வயலில் நின்ற பயிர் வெள்ளத்தில் போனாலும் குதிரில் விதைநெல் இருந்தால் அடுத்த விதைப்பு உண்டல்லவா, அப்படி. விதைப்பு நடந்தாலும் கதிர் வர அதற்குரிய நாள் ஆகும். தாய் அணு விழித்து, பிரிந்து, அதன் பிள்ளைகள் முதிர்ந்து ரத்தத்துக்கு வந்து சேரும்போது 14ஆம் நாள் தாண்டிவிடும். 21ஆம் நாள் வாக்கில் பெரும்பாலானவர்களுக்கு எண்ணிக்கை பழைய இடத்துக்கோ, அதை ஒட்டியோ வந்துவிடுகிறது. 21 என்ற எண் இப்படித்தான் வந்தது. மூன்று வாரம் என்பது நோயாளியின் மஜ்ஜை கேட்கும் அவகாசம். மருந்து மாறினால் அவகாசமும் மாறும். மூளைக் கட்டிகளுக்குக் கொடுக்கப்படும் கார்முஸ்டின் போன்ற மருந்துகளில் பள்ளம் நான்கிலிருந்து ஆறு வாரத்தில்தான் வருகிறது. அதனால் அவற்றை ஆறு வாரத்துக்கு ஒரு முறைதான் கொடுக்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் மற்ற இரண்டு எண்கள் வேறு மாதிரி நகர்வதைக் கவனித்திருப்பீர்கள். தட்டணுவின் ஆயுள் எட்டிலிருந்து பத்து நாள். சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். நியூட்ரோஃபில் ஒவ்வொரு முறையும் விழுந்து எழுகிறது. ஹீமோகுளோபினோ அப்படித் தடாலென்று விழாமல் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. முதல் கீமோவின்போது 11.8 இருந்தது நான்காவதன்போது 9.6 ஆகிவிட்டதே என்று பதறுகிறவர்கள் உண்டு. பழைய சிவப்பணுக்கள் மெல்ல மெல்லத்தான் கழிகின்றன, அவற்றின் இடத்துக்குப் புதியவை முழு அளவில் வரவில்லை. பெரும்பாலும் காரணம் அவ்வளவுதான்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். மூன்று வாரம் விட்டால் நோய் வளராதா? வளரும். மருத்துவர்களுக்கு அது தெரியும். தெரிந்துதான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இந்தக் கணக்கின் வேர் எலிகளில் இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பர்மிங்ஹாம் என்ற ஊரில் ஹோவர்ட் ஸ்கிப்பர் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் எலிகளின் ரத்தப் புற்றை வைத்து ஆராய்ந்து, 1964இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒரே ஒரு புற்று அணு மிஞ்சினாலும் அது பெருகி எலியைக் கொன்றுவிடும். ஒரு டோஸ் மருந்து, இருக்கும் அணுக்களில் ஒரு குறிப்பிட்ட விகிதத்தைத்தான் கொல்கிறது. அணுக்கள் நிறைய இருந்தாலும் அதே விகிதம், கொஞ்சம் இருந்தாலும் அதே விகிதம்.

இதன் பொருளைக் கணக்காகப் பார்ப்போம். ஒரு சென்டிமீட்டர் கட்டியில் சுமார் 100 கோடி அணுக்கள் இருக்கும். ஒரு டோஸ் 1000க்கு 999ஐக் கொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 10 லட்சம். கையால் தடவினால் கட்டி தெரியாது, ஸ்கேனிலும் தெரியாமல் போகலாம். இடைவெளியில் அது பத்து மடங்கு பெருகி ஒரு கோடி ஆகிறது. இரண்டாவது டோஸில் 10,000. இடைவெளியில் ஒரு லட்சம். மூன்றாவதில் 100; பிறகு 1,000. நான்காவதில் ஒன்று, பிறகு பத்து. கணக்கு புரிவதற்காக வளர்ச்சியை மிகைப்படுத்தியிருக்கிறேன். மார்பகப் புற்று பொதுவாக இவ்வளவு வேகமாகப் பெருகுவதில்லை. உண்மையான கட்டியில் மருந்துக்கு மசியாத அணுக்களும் கலந்திருக்கும் என்பதால் சரிவு இவ்வளவு சீராகவும் இருக்காது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஏறியதைவிட இறங்கியது அதிகம், அதுதான் சிகிச்சையின் அடிப்படை. மஜ்ஜை தன் இழப்பை மூன்று வாரத்தில் ஏறக்குறைய முழுதும் ஈடுகட்டிவிடுகிறது, கட்டியால் அது முடியவில்லை. இந்த இரண்டு வேகங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தில்தான் கீமோ நடக்கிறது.

இரண்டாவது கேள்விக்கும் இதே கணக்கில் பதில் இருக்கிறது. இடைவெளி ஆறு வாரம், இரண்டு மாதம் என்று நீண்டால் மஜ்ஜைக்குப் புதிதாகக் கிடைப்பது பெரிதாக எதுவும் இல்லை. அது ஏற்கெனவே தேறிவிட்டது. பலன் எல்லாம் கட்டிக்குத்தான். "கட்டி கரைஞ்சிடுச்சே, இனி எதுக்கு?" என்று இரண்டாவது முறையோடு நிறுத்திவிடுகிறவர்களிடம் நான் மன்றாடுவதும் இதனால்தான். கரைந்தது கண்ணுக்குத் தெரிந்த பகுதி. கண்ணுக்குத் தெரியாத பத்து லட்சத்துக்காகத்தான் மிச்ச டோஸ்கள்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொடுத்து முடித்துவிட முடியாதா என்றும் சிலர் கேட்பார்கள். கீமோ தொடங்கிய காலத்திலேயே இந்தக் கேள்வி எழுந்து, கசப்பான பதிலும் கிடைத்துவிட்டது. 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், நிணநீர்ப் புற்று முற்றிய ஒருவருக்கு நைட்ரஜன் மஸ்டர்டை ரத்தத்தில் செலுத்தினார்கள். போருக்கான நச்சு வாயுவைப் பற்றிய ஆய்விலிருந்து பிறந்த மருந்து அது. தொடர்ந்து பத்து நாள், நாளுக்கு ஒரு முறை. வாயைத் திறக்கவும் கையை மடக்கவும் விடாமல் இருந்த கட்டிகள் சில நாட்களில் கரைந்தன. ஆனால் வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் அதலபாதாளத்துக்குப் போயின. மஜ்ஜை மீளக் காத்திருந்த வாரங்களில் கட்டி திரும்ப வந்தது. அடுத்தடுத்த முறைகளில் மருந்துக்கு அது முன்போல மசியவில்லை; அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் இறந்துவிட்டார். கட்டி எவ்வளவு தாங்கும் என்பதற்கு முன்னால் மஜ்ஜை எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வேண்டும் என்பதை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது இப்படிப்பட்ட மனிதர்களின் உடம்பிலிருந்து.

இனி ரிப்போர்ட். பெரும்பாலானவர்களுக்கு மூன்றாவது வாரத்தில் எண்ணிக்கை மீண்டுவிடும் என்றேன். எல்லோருக்கும் அல்ல. வயது, ஊட்டம், முன்பு வாங்கிய கதிர்வீச்சு, எத்தனையாவது சுற்று எனப் பல காரணங்களால் ஒருவருக்கு 21ஆம் நாள் போதும், இன்னொருவருக்கு 26 ஆகும். முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. அதனால்தான் ஒவ்வொரு கீமோவுக்கு முன்பும் ரத்தம் எடுக்கிறோம். மஜ்ஜை முழுதாக மீளாத நிலையில் அடுத்த டோஸ் ஏறினால், அடுத்த பள்ளம் முந்தையதைவிட ஆழமாகும், அதிலிருந்து ஏறிவரவும் அதிக நாள் ஆகும்.

ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது? எல்லோரும் முதலில் தேடுவது வெள்ளை அணுக்களின் மொத்தம், அதாவது டோட்டல் கவுன்ட். அது மட்டும் போதாது. அதற்குக் கீழே வகை பிரித்த சதவீதம் இருக்கும். அதில் நியூட்ரோஃபில் அல்லது பாலிமார்ஃப் என்று எழுதியிருக்கும் வரிதான் முக்கியம். மொத்தத்தை அந்தச் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்தால் வருவது நியூட்ரோஃபில்களின் உண்மையான எண்ணிக்கை. நம் பெண்ணுக்கு மூன்றாவது கீமோவுக்கு முன் மொத்தம் 3,800, பாலிமார்ஃப் 34 சதவீதம் என்று வந்திருக்கிறது. பெருக்கிப் பாருங்கள்: 1,292. பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு மொத்தமே 2,900தான். ஆனால் பாலிமார்ஃப் 62 சதவீதம். அவருக்கு 1,798. பல மருத்துவமனைகளில் இந்த மருந்துக்கு வைத்திருக்கும் எல்லை 1,500. தட்டணுக்கள் ஒரு லட்சம். ஆகவே 2,900 உள்ளவருக்கு ஊசி ஏறுகிறது, 3,800 உள்ளவர் வீடு திரும்புகிறார். "அவங்களுக்கு எங்களைவிடக் கம்மி, அவங்களுக்கு மட்டும் எப்படிப் போட்டீங்க?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை. ஆள் பார்த்துச் செய்வதில்லை, நம்புங்கள். சில இடங்களில் எல்லை 1,000 என்றும் இருக்கும். உங்கள் மருத்துவர் எதைப் பின்பற்றுகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லை என்று ஒன்று வந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. 1966இல் ஜெரால்ட் போடே என்ற மருத்துவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் ரத்தப் புற்று நோயாளிகளின் எண்ணிக்கைகளையும் அவர்களுக்கு வந்த தொற்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நியூட்ரோஃபில் 1,000க்குக் கீழே போகப் போகத் தொற்று கூடியது. 500க்குக் கீழே இன்னும் கூடியது. 100க்குக் கீழே மிக மோசம். எத்தனை நாள் அந்தத் தாழ்வில் கிடந்தார்கள் என்பதும் சேர்ந்து ஆபத்தைக் கூட்டியது. நாங்கள் 1,292ஐப் பார்த்துத் தயங்குவது அந்த எண்ணுக்காக மட்டும் இல்லை. இன்று 1,292இல் தொடங்கினால் இன்னும் பத்து நாளில் எங்கே போய் நிற்கும் என்பதற்காக.

ரத்தம் எடுக்கும் நாளும் முக்கியம். கீமோவுக்கு முந்தைய ஓரிரு நாளில் எடுத்ததாக இருக்க வேண்டும். "போன வாரமே எங்க ஊர்ல எடுத்துட்டோம்" என்று 14ஆம் நாள் ரிப்போர்ட்டைக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். அது பள்ளத்தின் எண். இன்றைய நிலையை அது சொல்லாது. உங்கள் ஊரிலேயே நம்பகமான லேப் இருந்தால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, முந்தைய நாள் காலையில் அங்கே எடுத்து, எண்ணைப் போனில் சொல்லிவிடுங்கள். போதாது என்று தெரிந்தால் பஸ் ஏறாமலே இருக்கலாம். வீண் பயணங்களில் பாதி இதனால் மிச்சமாகும் என்பது என் எண்ணம்.

எண் நன்றாக இருந்தும் அதை அப்படியே நம்ப முடியாத வேளைகளும் உண்டு. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை முந்தைய இரவு சாப்பிட்டிருந்தால், ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக் கிடந்த நியூட்ரோஃபில்கள் ஓட்டத்துக்குள் இறங்கிவிடும். எண்ணிக்கை கூடியதுபோல் தெரியும். மஜ்ஜை எதையும் கூடுதலாகச் செய்திருக்காது. "கவுன்ட் ஏத்துற ஊசி" என்று நீங்கள் சொல்லும் ஃபில்கிராஸ்டிமை இரண்டு மூன்று நாளுக்கு முன் போட்டிருந்தாலும் எண் உயரத்தில் நிற்கும். எந்த மாத்திரை, எந்த ஊசி, எந்த நாள் என்பதை ரிப்போர்ட்டோடு சேர்த்துச் சொல்லுங்கள் என்று நாங்கள் கேட்பது இதற்காகத்தான். இதற்கு நேர்மாறாக, தட்டணுக்கள் சோதனைக் குழாய்க்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இயந்திரத்துக்குக் குறைவாகத் தெரிவதும் உண்டு. ரத்தக்கசிவு எதுவும் இல்லாதவருக்குத் திடீரென 40,000 என்று வந்தால், வேறு குழாயில் எடுத்துத் திரும்பப் பார்ப்போம்.

சரி, 1,292 வந்த பெண்ணுக்கு அடுத்து என்ன? பெரும்பாலும் ஒரு வாரம் தள்ளி, மறுபடி ரத்தம் பார்ப்பார்கள். பல நேரம் அதற்குள் எண் தானே ஏறிவிடும். "அந்தக் கவுன்ட் ஊசியை இன்னிக்கே போட்டு, நாளைக்குக் கீமோ போட்டுடுங்களேன்" என்று நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அது செய்யக் கூடாத காரியம். அந்த ஊசி மஜ்ஜை அணுக்களை வேகமாகப் பிரியச் சொல்கிறது. பிரிந்துகொண்டிருக்கும் அணுக்களைத்தான் கீமோ கொல்கிறது. ஊசியால் தூண்டிய கையோடு மருந்தை ஏற்றினால் நாமே மஜ்ஜையைக் கொண்டுபோய் மருந்தின் வாயில் வைத்ததாகும். அதனால் கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்துத்தான் அதைத் தொடங்குவார்கள். வாரக்கணக்கில் நிலைத்து நிற்கும் பெக்ஃபில்கிராஸ்டிம் என்றால், அடுத்த கீமோவுக்கு 14 நாளாவது இடைவெளி விடுவார்கள். இரவில் இடுப்பிலும் முதுகெலும்பிலும் அது தரும் வலி, மஜ்ஜை வேலை செய்வதன் வலி.

தள்ளிப்போடுவதையும் நாங்கள் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. இத்தாலியின் மிலான் நகரில் ஜியானி பொனடோனா என்பவர் மார்பகப் புற்றுக்கு அறுவைக்குப் பிறகு கீமோ கொடுத்த பெண்களை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 1995இல் முடிவை எழுதினார். திட்டமிட்ட மருந்தில் 85 சதவீதமாவது பெற்றவர்கள் நன்றாக இருந்தார்கள். மிகவும் குறைத்துப் பெற்றவர்களுக்குப் பலனும் குறைந்தது. சிகிச்சை முடிந்தபின் திரும்பிப் பார்த்துப் பிரித்த கணக்கு என்பதால் அதை அறுதி முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் அந்த 85 என்ற எண் இன்றும் மருத்துவர்கள் மனதில் ஓடுகிறது. ஆகவே ஒரு முறை ஒரு வாரம் தள்ளிப்போனால் பதற வேண்டாம். மறுபடி மறுபடி தள்ளிப்போனால் மருத்துவர் வேறு வழி பார்ப்பார்: அடுத்த சுற்றிலிருந்து கீமோவுக்கு மறுநாள் ஊசியைச் சேர்ப்பது, அல்லது டோஸைக் கொஞ்சம் குறைப்பது. குணமாக்கும் நோக்கோடு கொடுக்கும் சிகிச்சையில் டோஸைக் குறைப்பதைவிட ஊசியைச் சேர்ப்பதையே பலர் விரும்புவார்கள்.

அந்த ஊசியின் துணையால் 21ஐயே 14 ஆகச் சுருக்கவும் முடிந்திருக்கிறது. ஏறத்தாழ 2,000 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இதே மருந்துகளை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஃபில்கிராஸ்டிமோடு கொடுத்தபோது, மூன்று வாரத்துக்கு ஒரு முறை பெற்றவர்களைவிட நோய் திரும்பியது குறைந்தது. அதனால் பக்கத்தில் ஒருவருக்கு இரண்டு வாரம், உங்களுக்கு மூன்று வாரம் என்று இருந்தால் யாருக்கோ தவறு நடக்கிறது என்று எண்ண வேண்டாம். நான்கு முடிந்தபின் வாரா வாரம் தொடங்கும் பாக்லிடாக்ஸெலும் அப்படித்தான். ஒவ்வொரு வாரமும் சிறிய அளவாகக் கொடுப்பதால் மஜ்ஜை அவ்வளவு ஆழமாகச் சரிவதில்லை. ரத்தப் புற்றிலோ கதையே வேறு. அங்கே நோய் இருக்கும் இடமே மஜ்ஜை. எண்ணிக்கை குறைந்திருப்பதற்குக் காரணமே நோய் என்னும்போது, அது ஏறட்டும் என்று காத்திருந்து தொடக்கச் சிகிச்சையைத் தள்ளுவதில்லை. அந்த நோயாளியை உள்ளேயே வைத்து, ரத்தமும் தட்டணுவும் ஏற்றிக்கொண்டே மருந்தைக் கொடுப்பார்கள்.

வீட்டில் கொடுக்கும் சாறுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பீட்ரூட், மாதுளை, ஆட்டு ஈரல், பப்பாளி இலைச்சாறு என்று அக்கறையோடு கொண்டுவருகிறீர்கள். நன்றாகச் சாப்பிட்டால் அவருக்குத் தெம்பு உண்டு; மாதுளையையும் வேகவைத்த ஈரலையும் நான் தடுக்க மாட்டேன். ஆனால் கீமோவால் விழுந்த நியூட்ரோஃபிலை இரண்டு நாளில் தூக்கிவிடும் உணவு எதுவும் இல்லை. மஜ்ஜை தன் நாளை எடுத்துக்கொள்ளும். வேகாத இலையை அரைத்துப் பிழிந்த சாற்றை எண்ணிக்கை அடியில் இருக்கும் வாரத்தில் கொடுப்பதில், இலையிலும் அம்மியிலும் இருக்கும் கிருமிகளையும் சேர்த்துக் கொடுக்கும் அபாயம் உண்டு.

கடைசியாக, நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்கே காரணமான விஷயம். 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை, ஏன், அடுத்த கீமோ வரைக்குமே, காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. தொற்றின் மற்ற அடையாளங்கள் அந்த வாரத்தில் தெரியாமல் போகலாம். சீழ் என்பதே பெரும்பாலும் இறந்த நியூட்ரோஃபில்கள்தான். நியூட்ரோஃபிலே இல்லாதவருக்குச் சீழ் கட்டாது, சளி வராது, எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். காய்ச்சலும் நடுக்கமும் மட்டுமே அடையாளம். சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் இறங்கி நிலைமை கைமீறிப் போய்விடும். தெர்மாமீட்டர் வீட்டில் இருக்கட்டும். வாயிலோ அக்குளிலோ வையுங்கள், ஆசனவாயில் வேண்டாம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள், கிளம்புங்கள். முதலில் ஒரு பாராசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியைத் தொடாது, பொழுதுதான் வீணாகும். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் வாசலிலேயே "கீமோ எடுக்கிறவர், இன்னிக்கு இத்தனையாவது நாள், காய்ச்சல்" என்ற மூன்றையும் சொல்லுங்கள். வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும் என்பது எங்கள் துறையின் நெறி. வரிசையில் உட்கார வைத்தால் எழுந்து போய் மறுபடி சொல்லுங்கள். அப்போது கோபப்படுவது முழு நியாயம்.

கீமோ நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். சுற்று எண், கீமோ தேதி, 10ஆம் நாளின் தேதி, மொத்த எண்ணிக்கை, பாலிமார்ஃப் சதவீதம், பெருக்கி வந்த எண், தட்டணு, ஹீமோகுளோபின், போட்ட ஊசிகள். மூன்றாவது சுற்றுக்குள் உங்கள் வீட்டு ஆளின் மஜ்ஜை எத்தனை நாளில் எழுகிறது என்பது அந்தக் கட்டத்திலேயே தெரியத் தொடங்கும். அதை எங்களிடம் காட்டுங்கள். அடுத்த தேதியைக் குறிக்கும்போது மருத்துவரும் அதைத்தான் பார்ப்பார்.

அன்புடன்,
கீமோ டே கேர் வார்டிலிருந்து ஒரு செவிலியர்